ஒப்பந்தத்துக்கு வரும் பிள்ளையிடம் கொடுக்க வேண்டிய இரண்டு பக்கங்கள்

பெருந்தோட்டக் கம்பனிகளின் மனிதவளப் பிரிவினருக்கும் மலையகத் தோட்டங்களின் முகாமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

ஊழியர் சேமலாப நிதிப் பதிவுகளில் உள்ள பெயர்ப் பிழைகளையும் அடையாள அட்டை இலக்கப் பிழைகளையும் சரிசெய்ய நீங்கள் மூன்று மாதம், நான்கு மாதம் என்று ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கிறீர்கள். வருவது பெரும்பாலும் உயர்தரம் முடித்து, கணினிப் பாடநெறி ஒன்றும் படித்த, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கையில் ஒரு கடிதம் கொடுக்கிறீர்கள். அதில் சம்பளமும் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் இருக்கும். வேலை என்னவென்று கேட்டால், "ஆபீசில் பெரிய கிளாக்கர் சொல்லித்தருவார்" என்கிறீர்கள். அந்தப் பெரிய கிளாக்கராக நான் நெடுங்காலம் இருந்தவன். சம்பளம் போடும் வாரத்தில் எவருக்கும் எதையும் சொல்லித்தர என்னால் முடிந்ததில்லை. இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர்களாலும் முடிவதில்லை.

ஆகவே கேட்பது இதுதான். ஒப்பந்தத்துக்கு வருபவர் முதல் நாள் கணினியைத் தொடும் முன்பே, அவருடைய வேலை, கணினியில் அவருக்குள்ள அனுமதி, யாரிடம் எதைக் கேட்பது, எங்கே நிறுத்திக்கொள்வது என்ற நான்கையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதுங்கள், அல்லது அவர் வாசிக்கும் மொழியில் எழுதுங்கள். சட்டத்தரணியின் ஒப்பந்தத்தை நான் கேட்கவில்லை. மேசையில் விரித்துவைத்து வேலை செய்யக்கூடிய தாளைத்தான் கேட்கிறேன்.

வேலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சிக்கல் முழுவதும் அங்கேதான் முளைக்கிறது. "பெயர்களைத் திருத்துக" என்று ஒரே வரியில் எழுதினால், மூன்று வேறு வேலைகளை ஒன்றாகக் கட்டி அந்தப் பிள்ளையின் தலையில் வைக்கிறீர்கள். முதலாவது, தொழிலாளியின் அடையாள அட்டையில் இருப்பது ஒன்று, தோட்டத்துப் பதிவேட்டில் நாம் தட்டியது வேறு. இரண்டாவது, தோட்டத்துப் பதிவு சரி, ஆனால் மாதாமாதம் சி படிவத்தில் சேமலாப நிதிக்குப் போன பெயரோ இலக்கமோ பிழை. மூன்றாவது, அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்குமே ஒத்துப்போகவில்லை. முதலாவதைத் தோட்ட அலுவலகத்துக்குள்ளேயே முடிக்கலாம். இரண்டாவது, தொழில் வழங்குநர் கையொப்பத்துடன் தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டியது. மூன்றாவது பதிவாளரிடமும் ஆட்பதிவுத் திணைக்களத்திடமும் தொழிலாளி தாமே விண்ணப்பிக்க வேண்டியது, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் இல்லாமல் நகராது. ஒப்பந்தத்துக்கு வந்தவர் தம் கையால் முடிக்கக்கூடியது முதலாவது மட்டும். மற்ற இரண்டிலும் அவர் வேலை கண்டுபிடித்து, எழுதி, உரியவரிடம் ஒப்படைப்பதோடு முடிகிறது. இந்த ஒரு பிரிவினை தாளின் முதல் பத்தியில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நம் பதிவுகளில் பிழை ஏன் இத்தனை என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டியலைப் பார்த்த பிள்ளை முந்தைய கிளாக்கர்மாரை ஏசிக்கொண்டிருக்கும். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதற்குப் பின் எழுபதுகளில் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளுக்கு வந்தது. தொழில் வழங்குநர் மாறும்போது தொழில் வழங்குநர் இலக்கமும் மாறும், அங்கத்துவ இலக்கமும் புதிதாகும். ஒரே மலையில் கொழுந்தெடுத்த ஒருவருக்கு இரண்டு கணக்குகள் இருப்பது அதனால்தான். சில தோட்டங்களில் பணம் தனியார் சேமலாபச் சங்கங்களுக்கும் போயிருக்கிறது. இதற்கு மேல், வீட்டில் கூப்பிடும் பெயர் செக்ரோலில் ஏறியது; அதை ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், அடுத்தவர் சிங்களத்தில் இன்னொரு விதமாகவும் எழுதினார்கள். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்து, ஓரிடத்தில் முழுப்பெயர், ஓரிடத்தில் காணவேயில்லை.

இரண்டு அங்கத்துவ இலக்கங்களைக் கண்டால் ஒப்பந்தக்காரர் அவற்றை ஒன்றாக்கக் கூடாது என்று தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள். கணினித் திரையில் அது இரட்டைப் பதிவு போலத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அதை அழித்துச் சுத்தம் செய்யத்தான் கை வரும். அழிக்கப்படுவது 1992க்கு முந்தைய காலத்துச் சேமிப்புக்கு இருந்த ஒரே ஆதாரமாக இருக்கலாம்.

இனி ஒரு பதிவை எடுத்து நடந்து பார்ப்போம். ஆளும் இலக்கமும் நான் உதாரணத்துக்கு வைத்துக்கொள்பவை. கீழ்ப் பிரிவில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண். கணினியில் பெயர் `KALIAMMA`. அடையாள அட்டை இலக்கம் 61062 என்று தொடங்குகிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே இந்தப் பெண்ணின் பதிவில் 062 என்று வரவே முடியாது. 61562 என்றிருந்தால் 500 கழித்து 62ஆம் நாள். எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாக வைத்துத்தான் இந்தக் கணக்கு போடப்படுகிறது. எனவே ஜனவரி 31, பெப்ரவரி 29, ஆக 60. 62 என்றால் மார்ச் 2. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் 1961இல் மார்ச் 3 வரும். இதை அறியாத பிள்ளை சரியான பிறந்த திகதிகளையெல்லாம் ஒரு நாள் பிழை என்று சிவப்பு மையில் குறித்துவிடும். இந்த ஒரு வரியைத் தாளில் எழுத உங்களுக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்காது.

நம் பெண்ணின் பதிவுக்கு வருகிறேன். பெண்ணின் பதிவில் 500க்குக் குறைந்த எண் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, கணவரின் அட்டை இலக்கம் மாறி ஏறியதா என்பது. தட்டும்போது ஓர் எண் தவறியதாகவும் இருக்கலாம். ஒப்பந்தக்காரர் ஊகிக்கக் கூடாது. அட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டும். அட்டையில் 61562 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இது முதலாம் வகை, திருத்திவிடலாம் என்றுதான் தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். அந்தப் பிழையான இலக்கம் இத்தனை மாதம் சி படிவத்திலும் போயிருக்கிறதா? மாதாந்த அறிக்கையின் பிரதியைப் பார்த்தால் தெரியும். போயிருந்தால் இது இரண்டாம் வகை. நம் கணினியில் மட்டும் திருத்தினால் அடுத்த மாத அறிக்கை ஒரு இலக்கத்தோடும், நிதியில் உள்ள பழைய பதிவு வேறு இலக்கத்தோடும் நிற்கும். அந்தப் பெண் பணத்தைக் கேட்டுப் போகும் நாளில்தான் அது வெளிப்படும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பணத்தைப் பெறலாம். ஆகவே 1961இல் பிறந்தவரின் பதிவு ஏற்கெனவே காலம் கடந்து கிடக்கிறது. ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டியது, நம் பதிவைத் தொடாமல், சந்தேகங்களை எழுதும் வினாத் தாளில் ஒரு வரி எழுதிப் பெரிய கிளாக்கரிடம் வைப்பது. அங்கத்துவ இலக்கம், பதிவில் இருப்பது, அட்டையில் இருப்பது, எந்த மாதத்து அறிக்கையில் கண்டார், யாரைக் கொண்டு அட்டையைப் பார்த்தார், திகதி. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

பழைய இலக்கத்தை 12 இலக்கப் புதிய வடிவத்துக்கு மாற்றும் வேலையும் பெரும்பாலும் இவர்கள் தலையில்தான் விழுகிறது. ஒவ்வொன்றாகத் தட்டவிடாதீர்கள். முன்னால் 19, பிறகு முதல் ஐந்து இலக்கம், ஒரு பூச்சியம், பிறகு கடைசி நான்கு இலக்கம். எக்செலில் இது போதும்:

```
="19"&LEFT(A2,5)&"0"&MID(A2,6,4)
```

ஆனால் அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்தில் வைக்காமல் கையால் தட்டினாலோ சிஎஸ்வி கோப்பிலிருந்து திறந்தாலோ, 12 இலக்க எண் `1.96E+11` போல மாறி நிற்கும். அங்கத்துவ இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியங்களும் உதிர்ந்துவிடும். அது நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு கலத்தையும் `ISTEXT` கொண்டு சோதித்தால், எழுத்தாக இல்லாமல் எண்ணாக மாறியது `FALSE` என்று பல்லிளிக்கும். இந்தச் சோதனையை ஒவ்வொரு மாலையும் செய்யச் சொல்லித் தாளில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் இன்னொன்று: திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அந்த மாதத்துத் தலைக்கணக்கும் பங்களிப்பு மொத்தமும் ஒரு சதம் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பெயரைத்தான் திருத்தினோம், காசை அல்ல. தொழிலாளியின் 8 சதவீதம், உங்களுடைய 12 சதவீதம் ஆகிய இரண்டு நெடுவரிசையில் எதிலாவது வித்தியாசம் தெரிந்தால் அன்றைய வேலையை அப்படியே நிறுத்திவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இனிக் கணினி அனுமதி. நம் ஆபீஸ்களில் நடப்பதை நாமே அறிவோம். பெரிய கிளாக்கரின் கடவுச்சொல் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதில்தான் நுழைவார்கள். ஒப்பந்தக்காரரும் அதிலேயே உட்கார்ந்தால், மூன்று மாதத்துத் திருத்தங்கள் எல்லாம் பெரிய கிளாக்கரின் பெயரில்தான் பதிவாகும். பின்னால் ஒரு பிழை எழும்போது யார் செய்தது என்று எவராலும் சொல்ல முடியாது. குற்றமில்லாத பிள்ளைக்கும் அதில் பாதுகாப்பில்லை. ஆகவே தாளில் இப்படி எழுதுங்கள்:

"உங்களுக்கென்று தனிப் பயனர் பெயர் தரப்படும். அங்கத்தவர் விவரத் திரையில் திருத்தங்களை உள்ளிடலாம். அவை பெரிய கிளாக்கர் ஒப்புக்கொண்ட பிறகே பதிவில் ஏறும். சம்பளத் திரையைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. வங்கிக் கணக்குத் திரையும் செக்ரோல் நாள் பதிவும் உங்களுக்குத் திறக்காது. இந்த அனுமதி ஒப்பந்தம் முடியும் நாள் மாலை ஐந்து மணியோடு தானாக நின்றுவிடும். உங்கள் கடவுச்சொல்லை எவர் கேட்டாலும், முகாமையாளரே கேட்டாலும், கொடுக்க வேண்டாம்."

கடைசி வரியை முகாமையாளர் தம் கையொப்பத்துக்கு மேலேயே எழுதட்டும். அப்போதுதான் ஒரு இருபது வயதுப் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லத் துணிவு வரும். உங்கள் மென்பொருளில் இப்படி அனுமதியைப் பிரிக்க முடியாதென்றால், அவரை மென்பொருளுக்குள் விடவே வேண்டாம். பட்டியலை ஒரு எக்செல் கோப்பில் எடுத்துக் கொடுங்கள். பழைய மதிப்பு ஒரு நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும், புதியது பக்கத்து நெடுவரிசையில், காரணம் மூன்றாவதில். பழைய மதிப்பை அழித்து எழுதிய கோப்பை வாங்கிக்கொள்ளாதீர்கள்; அதில் என்ன மாறியது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. கோப்பு ஆபீஸ் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. மின்சாரம் போய்விட்டது, இணையம் கிடைக்கவில்லை, மேல் பிரிவில்தான் சிக்னல் வருகிறது என்பதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். அதற்காக நூற்றுக்கணக்கானவர்களின் அடையாள அட்டை இலக்கங்கள் ஒரு பென் டிரைவில் லயத்துக்குப் போக வேண்டியதில்லை. அட்டைகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தையும் இந்தத் தாளிலேயே தடை செய்யுங்கள். ஆபீஸ் நகல் இயந்திரம் எதற்கு இருக்கிறது?

யாரிடம் கேட்பது என்ற பகுதியில் நீங்கள் வழக்கமாக ஒரு தொலைபேசிப் பட்டியலைத் தூக்கி வைப்பீர்கள். அதனால் பயனில்லை. என்ன கேள்விக்கு யார், எந்த நேரத்தில், அவர் இல்லாவிட்டால் யார் என்று எழுத வேண்டும். காலைப் பெரட்டு நேரத்தில் கணக்கப்பிள்ளையைப் பிடித்துப் பெயர் விசாரிக்க முடியாது. சம்பளத்தை ஒட்டிய நாட்களில் பெரிய கிளாக்கரிடம் போகக் கூடாது. வினாத் தாளைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போகட்டும். மாத அறிக்கையும் பங்களிப்பும் அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் போக வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் வரும். ஆகவே அறிக்கை தயாராகும் கடைசி வாரத்தில் பதிவில் எந்தத் திருத்தமும் ஏறாது என்பதையும் எழுதிவிடுங்கள். தொழில் திணைக்கள அலுவலகத்தோடு ஒப்பந்தக்காரர் நேரடியாகப் பேசக் கூடாது. அங்கே போவது தோட்டத்தின் பெயரில் பேசுவது, அதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை.

தொழிலாளிகளைச் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் தனியாகக் குறியுங்கள், ஏனென்றால் இது மற்றவரின் வயிற்றோடு சம்பந்தப்பட்டது. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணை அட்டை பார்ப்பதற்காக ஆபீசுக்குக் கூப்பிட்டால், அவர் திரும்பிப் போவதற்குள் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப் பேர். மாலை மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு பார்க்கலாம். முதல் நாளே கணக்கப்பிள்ளை மூலம் யார் யார் அட்டை கொண்டுவர வேண்டும் என்று சொல்லியனுப்புங்கள். பார்த்த அட்டையை அங்கேயே கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூலப் பத்திரம் ஒரு இரவுகூட ஆபீசில் தங்கக் கூடாது.

எல்லை என்ற பகுதியைப் பெரிய தலைப்பில் போட்டுப் பயமுறுத்த வேண்டாம். அந்தப் பிள்ளை உண்மையில் எதிர்கொள்ளப் போகும் கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதிக் கொடுங்கள். "என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, பார்த்துச் சொல்லு தம்பி" என்று மாமா முறையாகிற ஒருவர் லயத்து வாசலில் கேட்பார். அதற்குப் பதில்: "எனக்கு அந்தத் திரை திறக்காது மாமா, பெரிய கிளாக்கரிடம் உங்கள் அங்கத்துவ இலக்கத்தோடு கேளுங்கள்." தொழிற்சங்கத் தலைவர் பட்டியலின் பிரதியைக் கேட்பார். கேட்க அவருக்கு நியாயம் இருக்கலாம், கொடுப்பது முகாமையாளரின் முடிவு. யாரோ நன்றிக்கு நூறு ரூபாய் நீட்டுவார்கள். வாங்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த நாள் காசு கொடுத்தால்தான் பெயர் சரியாகும் என்ற செய்தி மேல் பிரிவு வரைக்கும் போய்விடும். "எப்போது சரியாகும்?" என்ற கேள்விக்கு எந்தத் திகதியும் சொல்லக் கூடாது. வெற்றுப் படிவத்தில் கைநாட்டு வாங்கக் கூடாது. பின்னுரித்தாளி நியமனத்தை யாருக்கும் நிரப்பிக் கொடுக்கக் கூடாது. அதில் ஒரு வீட்டுச் சண்டையே ஒளிந்திருக்கலாம்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரமானவர், தற்காலிகமானவர், அமயமானவர் என்று ஊழியரைப் பிரித்துப் பார்ப்பதில்லை. காலை எட்டு மணிக்கு வந்து, உங்கள் மேசையில் உட்கார்ந்து, உங்கள் கிளாக்கர் சொன்னபடி வேலை செய்து, மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவரை ஒப்பந்தக்காரர் என்று கடிதத்தில் எழுதியதால் மட்டும் அவர் ஊழியர் அல்லாமல் போய்விடமாட்டார். ஊராருடைய சேமலாப நிதிக் கணக்கைச் சரிசெய்ய வந்த பிள்ளைக்கு ஒரு சேமலாப நிதிக் கணக்கு இல்லை என்றால், அந்தப் பிள்ளையே அதைக் கவனிக்கும், வேலை பழகப் பழக இன்னும் நன்றாகவே கவனிக்கும். உண்மையிலேயே வெளியார் சேவையாக, குறித்த வேலைக்குக் குறித்த தொகை என்று எடுக்கிறீர்களா, தற்காலிக ஊழியராக எடுக்கிறீர்களா என்பதை தாளின் தலைப்பிலேயே தெளிவாக எழுதுங்கள். இரண்டாவதென்றால் முதல் மாதச் சம்பளத்திலிருந்தே பங்களிப்பு போக வேண்டும்.

கடைசி நாளுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். அன்று ஒப்பந்தக்காரர் மூன்று பட்டியல்கள் ஒப்படைக்க வேண்டும்: முடித்தவை, வினாத் தாளில் விடை வராமல் நிற்பவை, தொடவே முடியாமல் போனவை. இரண்டாவது பட்டியலைப் பெரிய கிளாக்கர் வரிவரியாக வாசித்துக் கையொப்பமிட வேண்டும், அதற்கு அரை நாள் பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். மறுநாள் காலையில் அந்தப் பயனர் பெயரால் கணினிக்குள் நுழைய முடிகிறதா என்று அலுவலகத்தில் ஒருவர் முயன்று பார்க்கட்டும். முடிந்தால், அனுமதியை நிறுத்த வேண்டியவர் நிறுத்தவில்லை.

இரண்டு பக்கம் போதாது என்று தோன்றினால் மூன்றாக எழுதுங்கள், நான் குறை சொல்லமாட்டேன். வேண்டுமானால் ஒரு தோட்டத்துக்கு மாதிரித் தாளை நானே எழுதித் தருகிறேன். கிளாக்கர்மார் உட்கார்ந்து தங்கள் தோட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். அடுத்த ஒப்பந்தத்துக்கு விளம்பரம் போடும் முன் அதைச் செய்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட அலுவலகத் தலைமை லிகிதர் ஒருவர்
நுவரெலியா மாவட்டம்